பழைய மோட்டாரின் போட்டோவும் கடைக்காரருக்கு ஒரு கடிதமும்
நின்றுபோன மாடலுக்கு மாற்று பம்பு கேட்கும்போது என்னென்ன எழுத வேண்டும்?

கிணற்று மோட்டார் பழுதாகி, மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் இப்போ வர்றதில்லைங்க. பாகமும் கிடைக்காது" என்று கையை விரித்தால், பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். மோட்டாரை செல்போனில் ஒரு படம் எடுத்து டவுனில் உள்ள கடைக்காரருக்கு அனுப்பி, "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று கேட்பார்கள். கடைக்காரரும் படத்தைப் பார்ப்பார். பச்சை நிறத்தில் ஒரு மோட்டார் தெரியும். "எத்தனை எச்.பி.?" என்று கேட்பார். "அஞ்சு" என்று பதில் போகும். கையிருப்பில் உள்ள ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்று வண்டியில் ஏறி வந்துவிடும்.

வந்த மோட்டார் ஓடும். ஆனால், தண்ணீர் பாதிதான் விழும். அல்லது தண்ணீர் நன்றாக விழுந்து, இரண்டு மாதத்தில் காயில் கருகிப்போகும். இரண்டுக்கும் காரணம் மோட்டாரின் தரமாக இருக்க வேண்டியதில்லை. கேட்ட விதத்திலேயே தவறு இருக்கலாம். ஐந்து எச்.பி. என்பது மோட்டாரின் பலத்தை மட்டுமே சொல்லும். அந்த பலத்தைக் கொண்டு எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளலாம் என்பதை பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லர்தான் தீர்மானிக்கிறது. ஒரே ஐந்து எச்.பி.யில் 14 மீட்டர் உயரத்துக்கு ஏராளமாகத் தள்ளும் பம்பும் உண்டு, 30 மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சமாகத் தள்ளும் பம்பும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

படம் எடுக்க வேண்டியது நேம் பிளேட்டை

திறந்தவெளிக் கிணறுகளில் வைக்கும் மோனோபிளாக் பம்பின் மேல் ஒரு சிறிய தகடு ஆணியடித்து வைக்கப்பட்டிருக்கும். மாடல் பெயர், வரிசை எண், எச்.பி., வோல்ட், ஆம்பியர், குழாய் அளவு, ஹெட், வெளியேற்றும் நீரின் அளவு ஆகிய எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கடைக்காரருக்குத் தேவை இந்தத் தகட்டின் படம்.

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிய பிறகே மோட்டாரைத் தொட வேண்டும். தகட்டின் மேல் எண்ணெயும் மண்ணும் படிந்திருந்தால், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைக்கலாம். கம்பி பிரஷ், உப்புத்தாள் ஆகியவை வேண்டாம். குத்தி எழுதிய எண்களும் அழுக்கோடு சேர்ந்து போய்விடும். தகடு முழுவதும் படத்தில் அடங்குமாறு நேராக நின்று, பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். செல்போன் ஃபிளாஷ் தகட்டில் பட்டுப் பளபளத்தால் எழுத்து தெரியாது. எழுத்து மங்கியிருந்தால், பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் குத்திய எண்களின் ஓரத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்.

இன்னொரு படம், பம்பின் முழு உருவம். அதன் அடியில் ஒரு டேப்பை விரித்து வைத்து எடுத்தால், அடிப்பாகத்தில் உள்ள போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் தெரியும். புதிய பம்பைப் பழைய மேடையிலேயே உட்கார வைக்க முடியுமா என்பதற்கு இது தேவை.

படத்தை மட்டும் நம்பாமல், தகட்டில் உள்ளதைக் கடிதத்திலும் எழுதிவிடுவது நல்லது. படத்தில் 3 எட்டாகத் தெரியும்; 1 ஏழாகத் தெரியும். தகடே இல்லாமல் போயிருந்தால், பழைய பில், உத்தரவாத அட்டை ஆகியவற்றில் மாடல் பெயர் இருக்கிறதா என்று தேடலாம்.

தகடு சொல்வது பழைய கதை

இவ்வளவு கவனமாகப் படம் எடுத்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. தகட்டில் உள்ள ஹெட், அந்த மோட்டார் வாங்கிய காலத்தில் கிணறு இருந்த நிலைக்குப் பொருந்தியது. இன்றைக்குக் கிணறு அப்படியே இருக்கிறதா?

ஒரு தோட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 50 அடி ஆழக் கிணறு. பல வருடங்களுக்கு முன் மோட்டார் வாங்கியபோது, கோடையில் தண்ணீர் 30 அடியில் நின்றது. மோட்டார் 15 அடி ஆழத்தில் மேடை போட்டு வைக்கப்பட்டது. தண்ணீர் கிணற்று மேட்டிலேயே வாய்க்காலில் விழுந்தது. தகட்டில் 5 எச்.பி., ஹெட் 14 மீட்டர், அந்த ஹெட்டில் நொடிக்கு 12 லிட்டர், பயன்படுத்தக்கூடிய ஹெட் 10 முதல் 18 மீட்டர் வரை என்று இருக்கிறது. 30 அடி என்பது சுமார் 9 மீட்டர். குழாயில் ஏற்படும் உராய்வையும் சேர்த்தால் 12 மீட்டருக்குள் அடங்கியிருக்கும். அன்றைக்கு அது சரியான பம்பு.

பிறகு நீர்மட்டம் இறங்கியது. மேடையை 28 அடிக்கு மாற்றி மோட்டாரை இறக்கினார்கள். இப்போது கோடையில் ஓட்டும்போது தண்ணீர் 45 அடிக்குப் போகிறது. வாய்க்காலில் விட்டது போய், 330 அடி தள்ளி ஒரு தொட்டி கட்டி, அதில் நிரப்பிப் பாய்ச்சுகிறார்கள். தொட்டியின் வாய், கிணற்று மேட்டைவிட 8 அடி உயரம்.

இப்போது கணக்குப் போடுவோம். தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரை 45 அடி. தரையிலிருந்து தொட்டி வாய் வரை 8 அடி. மொத்தம் 53 அடி. இதை 3.28-ஆல் வகுத்தால் சுமார் 16 மீட்டர். இது தண்ணீர் ஏற வேண்டிய நேர் உயரம். மோட்டார் நடுவில் எந்த மேடையில் இருந்தாலும் இந்த உயரம் மாறாது.

இதோடு உராய்வைச் சேர்க்க வேண்டும். மூன்று அங்குல பி.வி.சி. குழாயில் நொடிக்கு 8, 9 லிட்டர் ஓடும்போது, 330 அடி தூரத்துக்கு ஏறக்குறைய 3 மீட்டர் ஹெட் உராய்விலேயே போய்விடும். ஃபுட் வால்வு, வளைவுகள் ஆகியவற்றுக்கு இன்னொரு மீட்டர். ஆக மொத்தம் 20 மீட்டர்.

பழைய பம்பின் எல்லையோ 18 மீட்டர். கடைசி இரண்டு மூன்று கோடையில், "மோட்டார் தேஞ்சு போச்சு, தண்ணி குறைஞ்சு போச்சு" என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டதற்குத் தேய்மானம் மட்டும் காரணமில்லை. பம்பு தன் எல்லையில் நின்று திணறிக்கொண்டிருந்தது. 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப 40 நொடி ஆனது என்றால், நொடிக்கு 5 லிட்டர்தான். வாங்கியபோது கிடைத்ததில் பாதிகூட இல்லை.

இந்த நிலையில், "போட்டோவில் உள்ளதற்குச் சமமானது" என்று கேட்டு, கடைக்காரரும் நேர்மையாக 14 மீட்டர் ஹெட் உள்ள புதிய மாடலையே கொடுத்தால், புத்தம்புது மோட்டாரிலும் கோடையில் அந்த 5 லிட்டரேதான் விழும். மாற்று தேட வேண்டியது பழைய பம்புக்கு அல்ல, இன்றைய கிணற்றுக்கு.

நீர்மட்டத்தை எப்படி அளப்பது?

மோட்டார் ஓடும் நிலையில் இருந்தால், கோடையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு, கல் கட்டிய கயிற்றை இறக்கித் தண்ணீரைத் தொடும் இடத்தில் முடிச்சுப் போட்டு அளக்க வேண்டும். ஓட்டாமல் அளந்தால் மட்டம் மேலே நிற்கும், கணக்கு தவறும். மோட்டார் பழுதாகி நின்றுவிட்டால், கடந்த கோடையில் எந்தப் படி அல்லது எந்தப் பாறை வரை தண்ணீர் இறங்கியது என்பதை வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்த அடையாளத்தை வைத்து அளக்கலாம். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதையும் அளந்துகொள்ள வேண்டும். அதன் பயன் பின்னால் தெரியும்.

அளக்கும்போதே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மோனோபிளாக் பம்பு தண்ணீரை உறிஞ்சி மேலே எடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நடைமுறையில் 20 அடிக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நம் உதாரணத்தில் மேடை 28 அடியில், தண்ணீர் 45 அடியில். இடைவெளி 17 அடி. பரவாயில்லை. இது 25 அடியாக இருந்தால், எந்த மாடல் மோனோபிளாக் வாங்கினாலும் சரியாக எடுக்காது. மேடையை இறக்க வேண்டும். அல்லது நீருக்குள்ளேயே வைக்கும் திறந்தவெளிக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாருக்கு மாற வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்

இந்த விவரங்களைத் திரட்டிய பிறகு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தாளில் எழுதிக் கொடுத்தாலும் விஷயம் ஒன்றே.

"கடை உரிமையாளர் அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கிணற்றில் இருந்த 5 எச்.பி. மும்முனை மோனோபிளாக் மோட்டார் பழுதாகிவிட்டது. பம்பின் உடல் வெடித்து, இம்பெல்லரும் தேய்ந்துவிட்டது. இந்த மாடல் இப்போது வருவதில்லை என்று மெக்கானிக் சொல்கிறார். நேம் பிளேட்டின் படமும், டேப் வைத்து எடுத்த முழுப் படமும் இத்துடன் இணைத்துள்ளேன்.

தகட்டில் உள்ளது: 5 எச்.பி., 3.7 கிலோவாட், 415 வோல்ட், குழாய் 80 × 80 மி.மீ., ஹெட் 14 மீட்டர், நொடிக்கு 12 லிட்டர், ஹெட் எல்லை 10 முதல் 18 மீட்டர். மாடல் பெயரும் வரிசை எண்ணும் படத்தில் உள்ளன.

இப்போதைய கிணற்று நிலை: மோட்டார் மேடை 28 அடி ஆழத்தில். கோடையில் ஓட்டும்போது தண்ணீர் 45 அடியில். மழைக்காலத்தில் 32 அடியில். தொட்டி வாய் தரையிலிருந்து 8 அடி உயரம். டெலிவரி பைப் 3 அங்குலம், 330 அடி நீளம். எங்கள் கணக்குப்படி கோடையில் மொத்த ஹெட் 20 மீட்டர் வருகிறது. நொடிக்கு 8 லிட்டராவது தேவை. மின் இணைப்பு 5 எச்.பி.க்கு மட்டுமே அனுமதி.

முதலில், பழைய மாடலுக்குப் பம்பின் உடலும் இம்பெல்லரும் எங்காவது இருப்பில் உள்ளதா என்று சொல்லவும். இல்லையென்றால், மேலே சொன்ன ஹெட்டுக்குப் பொருந்தும் மாடல்களின் பெயர், ஹெட் எல்லை, 20 மீட்டரில் எவ்வளவு தண்ணீர், குழாய் அளவு, முழுச் சுமை ஆம்பியர், அடிப்பாகத் துளை அளவு ஆகியவற்றை எழுதி அனுப்பவும். கம்பெனி அட்டவணையின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு..."

இந்தக் கடிதத்தில் பாகங்கள் இருப்பில் உள்ளதா என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. உற்பத்தி நின்ற மாடலுக்கும் சில காலம் பாகங்கள் சந்தையில் இருக்கும். கோயம்புத்தூர் போன்ற பம்பு உற்பத்தி நகரங்களில் பழைய வார்ப்புகளும் கிடைப்பதுண்டு. கிணற்று நிலை மாறாதவர்களுக்கு அதுவே மலிவான வழி. நம் உதாரணத்தில் நிலை மாறிவிட்டதால், பாகம் கிடைத்தாலும் பலன் குறைவு.

எச்.பி. எல்லையைச் சொல்வதும் அவசியம். இலவச மின்சார இணைப்பில் அனுமதித்த எச்.பி.யைவிடப் பெரிய மோட்டார் மாட்டுவதானால், முன்னதாக மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த வேலை இல்லாமல் முடிக்க, 5 எச்.பி.க்குள்ளேயே தேட வேண்டும்.

பதில் வந்த பிறகு

கடைக்காரர் மூன்று மாடல்களைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் 5 எச்.பி.

முதல் மாடலின் ஹெட் எல்லை 10 முதல் 18 மீட்டர். பழைய தகட்டை அப்படியே ஒத்தது. அடிப்பாகத் துளைகூட மாறாது. ஆனால், நமக்கு வேண்டிய 20 மீட்டர் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இரண்டாவது மாடலின் எல்லை 14 முதல் 24 மீட்டர். 20 மீட்டரில் நொடிக்கு 8.5 லிட்டர். குழாய் அளவு 80 × 65 மி.மீ.

மூன்றாவது மாடலின் எல்லை 24 முதல் 36 மீட்டர். 30 மீட்டரில் நொடிக்கு 5 லிட்டர். "ஹெட் கூடுதலா இருக்கு, பின்னாடி தண்ணி இறங்கினாலும் கவலையில்லை" என்று விற்பனைக்குப் பேசப்படுவது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உயரத்துக்குத் தள்ளும் பம்பைக் குறைந்த உயரத்தில் ஓட்டினால் மோட்டாருக்கு வேலை குறையும் என்று தோன்றும். மோனோபிளாக் பம்பில் நடப்பது நேர் எதிர். எதிர்ப்பு குறைந்ததும், பம்பு தன் அளவுக்கு மீறித் தண்ணீரை அள்ளித் தள்ளத் தொடங்கும். அதிகத் தண்ணீரைத் தள்ள மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். ஆம்பியர் ஏறும், காயில் சூடாகும். ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே சரியாக இருந்தால் அடிக்கடி டிரிப் ஆகும். அந்த ரிலேவைத் திருகி ஏற்றிவைத்தால் காயில் கருகும். மழைக்காலத்தில் தண்ணீர் 32 அடிக்கு ஏறி, தேவைப்படும் ஹெட் 17 மீட்டர் அளவுக்குக் குறையும்போது இந்தத் தொல்லை இன்னும் கூடும். கோடையில் வாங்கிய மோட்டார் மழை பெய்து கிணறு நிரம்பியதும் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிணறு நிறைந்திருக்கும்போது மோட்டார் ஏன் எரிந்தது என்று வீட்டில் யாருக்கும் புரியாது.

ஆகவே, கோடை ஹெட்டும் மழைக்கால ஹெட்டும் ஒரே எல்லைக்குள் அடங்கும் மாடலைத் தேர்வு செய்ய வேண்டும். இங்கே 20 மீட்டரும் 17 மீட்டரும் இரண்டாவது மாடலின் 14 முதல் 24-க்குள் வசதியாக அடங்குகின்றன. தண்ணீர் இன்னும் நாலு அடி இறங்கினாலும் ஹெட் எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால், அப்போது உறிஞ்சும் இடைவெளி 20 அடியைத் தாண்டுவதால் மேடையை மறுபடியும் இறக்க வேண்டியிருக்கும்.

இந்த மாடலில் டெலிவரி வாய் 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். நிலத்தில் உள்ள குழாய் மூன்று அங்குலம். பம்பின் வாயில் ஒரு ரெடியூசர் போட்டு மூன்று அங்குலத்துக்கு விரித்துக்கொள்ளலாம். பம்பின் வாய் சிறியது என்பதற்காக நிலத்துக் குழாயை இரண்டரை அங்குலமாக மாற்றினால் உராய்வு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். போட்ட ஹெட் கணக்கும் குலைந்துவிடும். சக்‌ஷன் பக்கம் பழைய மூன்று அங்குலமே பொருந்தும். போல்ட் துளை பொருந்தாவிட்டால், மேடையில் இரும்புச் சட்டம் ஒன்று வைத்துப் புதிய துளை போட்டுக்கொள்ளலாம். அது சிறு செலவு. துளை பொருந்துகிறது என்பதற்காக முதல் மாடலை வாங்குவதுதான் பெரிய செலவு.

மாட்டிய அன்றே பார்க்க வேண்டியவை

புதிய மோட்டாரை மாட்டியதும், பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். ஒன்று, தொட்டி வாயில் 200 லிட்டர் பீப்பாயை வைத்து நிரம்பும் நேரம். 24, 25 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 8 லிட்டர் வருகிறது. மழைக்காலத்தில் மாட்டினால் இதைவிடச் சீக்கிரம் நிரம்பும். அதை வைத்துக் கோடைக்கும் அப்படியே வரும் என்று எண்ணக்கூடாது.

இரண்டு, ஆம்பியர். எலக்ட்ரீஷியனிடம் உள்ள டாங் டெஸ்டரை மூன்று வயர்களிலும் தனித்தனியாக மாட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். 5 எச்.பி. மும்முனை மோட்டாருக்கு முழுச் சுமையில் ஏறக்குறைய 8 ஆம்பியர் வரும். சரியான எண் புதிய தகட்டிலேயே இருக்கும். அதைத் தாண்டக்கூடாது. தாண்டினால், அதே நேரத்தில் வோல்ட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வோல்ட் குறைவாக இருந்தாலும் ஆம்பியர் ஏறும். வோல்ட் சரியாக இருந்து, மூன்று வயரிலும் ஆம்பியர் கூடுதலாக இருந்தால், டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பார்க்கலாம். மூட மூட ஆம்பியர் இறங்கினால், பம்பின் ஹெட் கிணற்றுக்கு அதிகம் என்று பொருள். வால்வை மூடியே வைத்துக் காலத்தை ஓட்டலாம்தான். ஆனால், வாங்கிய பலத்தை வால்விலேயே வீணாக்குவதாகும். அன்றே கடைக்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்வது நல்லது. அனுப்பிய கடிதத்தில் 20 மீட்டர் என்று எழுதியிருப்பதும், கடைக்காரரின் பதில் எழுத்தில் இருப்பதும் அப்போதுதான் கைகொடுக்கும்.

கடைசியாக, புதிய பம்பு கிணற்றுக்குள் இறங்குவதற்கு முன், தகடு பளிச்சென்று இருக்கும்போதே ஒரு படம் எடுத்து, அதை அச்சுப் போட்டு, பில்லுடன் சேர்த்து வைக்க வேண்டும். அதன் பின்புறத்தில் அன்றைய நீர்மட்டம், பீப்பாய் நிரம்பிய நேரம், ஆம்பியர் ஆகிய மூன்றையும் தேதி போட்டு எழுதிவைத்தால் போதும். இன்னும் பத்து வருடம் கழித்து இந்த மாடலும் நின்றுபோகும்போது, மண்ணெண்ணெய்த் துணியோடு கிணற்றுக்குள் இறங்க வேண்டியிருக்காது.